தேர்வு தள்ளிப்போகிறது: ஒரு சுற்றறிக்கை எப்படி எழுதப்பட வேண்டும்?

மழை விடுமுறை அறிவிப்பு ஒரே வரியில் முடிந்துவிடும். மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார், தொலைக்காட்சியில் ஓடுகிறது, அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பள்ளி முதல்வருக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அன்று நடக்க வேண்டிய தேர்வு என்ன ஆகும், அடுத்த நாளுக்குரிய தேர்வு அப்படியே நடக்குமா, பாடப்பகுதி மாறுமா, வேன் எத்தனை மணிக்கு வரும் என்று நூற்றுக்கணக்கான வீடுகளில் கேள்வி எழுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தாளில் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தாள்தான் திருத்திய தேர்வு அட்டவணைச் சுற்றறிக்கை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கு இது ஆண்டுதோறும் வரும் வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையும் சுற்றுப்புற மாவட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கியபோது அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிப்போயின. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி பகுதிகளில் பெருமழை கொட்டியது. தேர்வு நடந்துகொண்டிருந்தபோதே அங்கே மறுபடி தேதிகளை மாற்ற வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட நேரத்தில் சுற்றறிக்கையில் ஒரு வரி தெளிவில்லாமல் போனால், கணிதத் தேர்வு நாளில் சமூக அறிவியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். பிழை அலுவலகத்தில் நடந்திருக்கும், மதிப்பெண் போவது பிள்ளைக்கு. அதனால்தான் இந்த ஒரு பக்கத் தாளைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்தத் தேதி யார் கையில்?

முதல்வர் தன் விருப்பப்படி எல்லாத் தேர்வையும் மாற்றிவிட முடியாது. 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளின் தேதி அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் கையில் இருக்கிறது. பள்ளி அந்தத் தேதியை மாணவர்களுக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். பல பள்ளிகளுக்கும் ஒரே வினாத்தாள் வரும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலும் ஒரு பள்ளி மட்டும் தனியாகத் தேதியை நகர்த்த முடியாது. பக்கத்துப் பள்ளியில் திங்களன்று எழுதப்பட்ட வினாத்தாளை இந்தப் பள்ளி புதன்கிழமை கொடுத்தால், வினாக்கள் அதற்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும். எனவே கல்வித் துறையின் உத்தரவு வரும்வரை முதல்வர் காத்திருக்கத்தான் வேண்டும்.

பள்ளியே வினாத்தாள் தயாரித்து நடத்தும் இடைத்தேர்வு, அலகுத் தேர்வு, திருப்புதல் தேர்வு ஆகியவற்றில்தான் முதல்வருக்கு முழு உரிமை உண்டு. சுற்றறிக்கையின் தரம் அவர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது என்பதும் இங்கேதான் நன்றாகத் தெரியும். ஆகவே அப்படி ஒரு தேர்வையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பள்ளி கற்பனைதான். தேதிக்கும் கிழமைக்கும் மட்டும் 2023 நவம்பர் நாட்காட்டியைப் பயன்படுத்துகிறேன்.

இரண்டு நாள் போனால் என்ன செய்வது?

10-ஆம் வகுப்புக்கு இரண்டாம் இடைத்தேர்வு. 20 திங்கள் தமிழ், 21 செவ்வாய் ஆங்கிலம், 22 புதன் கணிதம், 23 வியாழன் அறிவியல், 24 வெள்ளி சமூக அறிவியல். முதல் இரண்டு தேர்வும் நடந்து முடிந்தன. புதனும் வியாழனும் மழை விடுமுறை. கணிதமும் அறிவியலும் நின்றுபோயின.

முதல்வர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வரிசையை மாற்றாமல் எல்லாவற்றையும் தள்ளிவைப்பது. வெள்ளிக்கிழமை கணிதம், அடுத்த திங்கள் அறிவியல், செவ்வாய் சமூக அறிவியல் என்று ஆகும். மற்றொன்று, வெள்ளிக்கிழமை இருந்த சமூக அறிவியலை அதே நாளில் விட்டுவிட்டு, நின்றுபோன இரண்டையும் கடைசியில் சேர்ப்பது. வெள்ளி சமூக அறிவியல், திங்கள் கணிதம், செவ்வாய் அறிவியல் என்று வரும்.

இரண்டிலும் தேர்வு முடியும் நாள் 28 செவ்வாய்தான். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பல பள்ளிகள் யோசிக்காமல் முதல் வழியைத் தேர்ந்தெடுக்கின்றன, ஏனென்றால் பாட வரிசை கலையாமல் அழகாக இருக்கிறது. ஆனால் சுற்றறிக்கை கையில் கிடைக்காத ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். அவன் வீட்டில் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை, அப்பாவின் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. அவனிடம் இருப்பது பழைய அட்டவணை மட்டும். வெள்ளிக்கிழமை பள்ளி திறந்ததும் சமூக அறிவியல் படித்துக்கொண்டு வருகிறான். முதல் வழியில் அவன் முன்னால் கணித வினாத்தாள் வைக்கப்படும். இரண்டாம் வழியில் அவன் படித்து வந்த தேர்வையே எழுதுவான், புதிய தேதிகளையும் பள்ளியிலேயே தெரிந்துகொண்டு வீடு திரும்புவான்.

தேதி மாற்றும்போது முதல்வர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்: தகவல் போய்ச் சேராத பிள்ளை பழைய அட்டவணையை நம்பி வந்தால் என்ன நடக்கும்? அந்தப் பிள்ளைக்கு எந்த ஏற்பாட்டில் இழப்பு குறைவோ அதுவே சரியான ஏற்பாடு. இரண்டாம் வழியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. முதல் வழியில் மூன்று பாடங்களின் தேதி மாறுகிறது, இதில் இரண்டுதான். மாறிய வரிகள் குறையக் குறைய, தட்டச்சுப் பிழைக்கும் தவறாகப் படிப்பதற்கும் இடம் குறைகிறது.

முடிவெடுக்கும் நேரமும் முக்கியம். புதன் காலையே முழு அட்டவணையையும் மாற்றி அனுப்பினால், வியாழனும் விடுமுறை என்று தெரிந்த உடனே இன்னொன்று அனுப்ப வேண்டியிருக்கும். புதனன்று, "22.11.2023 கணிதத் தேர்வு நடைபெறாது. புதிய தேதி சுற்றறிக்கையில் அறிவிக்கப்படும்" என்ற ஒரு செய்தி போதும். வியாழன் நிலைமை தெரிந்த பிறகு முழுச் சுற்றறிக்கையை ஒரே தடவையாக அனுப்பலாம். அதற்கு முன் நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்த ஆண்டு கார்த்திகை தீபம் 26 ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கள் உள்ளூர் விடுமுறையாக இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 27-ஐத் தேர்வு நாளாக எழுதலாம்.

சுற்றறிக்கை இப்படி இருக்கலாம்

சுற்றறிக்கை எண்: 15
நாள்: 23.11.2023, வியாழன்

பெறுநர்: 10-ஆம் வகுப்பு அ, ஆ பிரிவு மாணவர்கள், பெற்றோர்

பொருள்: இரண்டாம் இடைத்தேர்வு – கணிதம், அறிவியல் தேர்வு நாள் மாற்றம்

பார்வை: சுற்றறிக்கை எண் 12, நாள் 10.11.2023

மழை விடுமுறையால் 22.11.2023, 23.11.2023 ஆகிய நாட்களில் நடைபெறாத கணிதம், அறிவியல் தேர்வுகள் கீழ்க்கண்ட நாட்களில் நடைபெறும். பார்வையில் கண்ட சுற்றறிக்கையின் தேர்வு அட்டவணை ரத்து செய்யப்படுகிறது. இனி இந்த அட்டவணை மட்டுமே செல்லும்.

தமிழ் – 20.11.2023, திங்கள் – முடிந்தது
ஆங்கிலம் – 21.11.2023, செவ்வாய் – முடிந்தது
சமூக அறிவியல் – 24.11.2023, வெள்ளி – மாற்றம் இல்லை
கணிதம் – 27.11.2023, திங்கள் – புதிய நாள் (பழைய நாள் 22.11.2023, புதன்)
அறிவியல் – 28.11.2023, செவ்வாய் – புதிய நாள் (பழைய நாள் 23.11.2023, வியாழன்)

1. தேர்வு நேரம் காலை 10.00 முதல் 11.30 வரை. மாணவர்கள் 9.45 மணிக்குள் தேர்வு அறையில் இருக்க வேண்டும். நேரத்தில் மாற்றம் இல்லை.
2. பாடப்பகுதியில் மாற்றம் இல்லை.
3. தேர்வு முடிந்ததும் வழக்கமான வகுப்புகள் நடக்கும். பள்ளி வேன் வழக்கமான நேரத்தில் இயங்கும்.
4. மேற்கண்ட தேர்வு நாட்களில் ஏதேனும் ஒரு நாள் மீண்டும் மழை விடுமுறையானால், அன்றைய தேர்வு மட்டும் 29.11.2023, புதன்கிழமை நடைபெறும். மற்ற தேர்வுகளின் நாள் மாறாது.
5. வெள்ளத்தாலோ உடல்நலக் குறைவாலோ தேர்வுக்கு வர இயலாதவர்கள் அன்று காலை 9.00 மணிக்குள் வகுப்பாசிரியருக்குத் தெரிவிக்கவும். அவர்களுக்கு மறுதேர்வு நடத்தப்படும்.

ஒப்பம்
முதல்வர்

நகல்: அறிவிப்புப் பலகை, வகுப்பாசிரியர்கள், தேர்வுப் பொறுப்பாசிரியர், வேன் ஓட்டுநர்கள்

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம்

இந்தத் தாளில் அலங்காரமாக ஒரு வரிகூட இல்லை. "பார்வை" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகக் கடிதங்களிலிருந்து பள்ளிக்கு வந்த வழக்கம் அது. எந்த அறிவிப்பு இப்போது செல்லாமல் போகிறது என்று அது சுட்டிக்காட்டுகிறது. "ரத்து செய்யப்படுகிறது" என்று எழுதாமல் புதிய தேதிகளை மட்டும் கொடுத்தால், குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணையும் பாதி உயிரோடு இருக்கும். எதை நம்புவது என்று வீட்டில் குழப்பம் வரும்.

தேதி மாறாத பாடங்களையும் ஏன் எழுத வேண்டும்? பல சுற்றறிக்கைகள் மாறியவற்றை மட்டும் சொல்லிவிட்டு, "மற்ற தேர்வுகள் ஏற்கெனவே அறிவித்தபடி நடைபெறும்" என்று முடித்துக்கொள்கின்றன. அப்போது பெற்றோர் பழைய தாளைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் புகுந்த வீட்டில் அந்தப் பழைய தாள் எங்கே கிடைக்கும்? முழு அட்டவணையும் புதிய தாளிலேயே இருந்தால், அந்த ஒரு தாளே போதும்.

தேதிக்குப் பக்கத்தில் கிழமையை எழுதுவது ஒரு காவல். 27 என்பதற்குப் பதில் 28 என்று விரல் தவறி அடித்துவிட்டாலும், பக்கத்தில் "திங்கள்" இருந்தால் பிழை வெளியே தெரிந்துவிடும். யாராவது ஒரு பெற்றோர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்பார். கிழமை இல்லாவிட்டால் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் தேர்வு நாள் வரை போய்விடும். ஆனால் இந்தக் காவல் வேலை செய்ய வேண்டுமானால், தட்டச்சு செய்பவர் நாட்காட்டியைப் பார்த்துக் கிழமையை எழுத வேண்டும். பழைய கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றிவிட்டுக் கிழமையை மறந்துவிடுவதுதான் பள்ளி அலுவலகங்களில் அதிகம் நேரும் தவறு.

"நாளை", "இன்று", "அடுத்த வாரம்" ஆகிய சொற்கள் இந்தத் தாளில் எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். சுற்றறிக்கை இன்று வாட்ஸ்அப்பில்தான் பெரும்பாலும் பயணிக்கிறது. வியாழன் மாலை அனுப்பிய செய்தியை ஒருவர் வெள்ளி காலையில் இன்னொரு குழுவுக்கு அனுப்பினால், அதிலுள்ள "நாளை" சனிக்கிழமையாகிவிடும். தேதியோடு எழுதினால் எத்தனை கை மாறினாலும் பொருள் மாறாது.

நேரத்தைச் சொல்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "தேர்வு 10 மணிக்கு" என்றால் பள்ளிக்கு வரும் நேரமா, வினாத்தாள் கொடுக்கும் நேரமா, எழுதத் தொடங்கும் நேரமா? தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் இதைப் பிரித்தே சொல்லியிருப்பார்கள். 10.00 முதல் 10.10 வரை வினாத்தாளைப் படிக்கலாம், 10.15 வரை விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்கலாம், அதன் பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டும். பள்ளித் தேர்வுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. அறைக்குள் இருக்க வேண்டிய நேரம் ஒன்று, தேர்வு தொடங்கும் நேரம் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் போதும்.

இந்தத் தாளிலேயே மிகவும் பயனுள்ள வரி என்று நான் நினைப்பது நான்காவது அறிவுறுத்தல். நவம்பரில் ஒரு மழை ஓய்ந்தால் அடுத்தது வராது என்று யாரும் சொல்ல முடியாது. விடுமுறை வந்தால் அன்றைய தேர்வு எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், மறுபடி மழை வரும்போது புதிய அட்டவணை தேவைப்படாது. வெள்ளிக்கிழமையும் மழை கொட்டினால், சமூக அறிவியல் 29 புதன்கிழமைக்குப் போகும். திங்கள் கணிதமும் செவ்வாய் அறிவியலும் அதே இடத்தில் நிற்கும். பிள்ளைகள் நிம்மதியாகக் கணிதத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கலாம். இந்த ஏற்பாடு ஒரு நாள் விடுமுறையை மட்டும்தான் தாங்கும். இரண்டு நாள் போனால் அடுத்த எண்ணிட்டு இன்னொரு சுற்றறிக்கை அனுப்பத்தான் வேண்டும்.

பல தடவை மாறும்போது

சுற்றறிக்கைக்கு எண் போடுவது சின்ன விஷயமாகத் தெரியும். அதன் அருமை தேதி திரும்பத் திரும்ப மாறும்போது விளங்கும். 2020-இல் தமிழ்நாட்டின் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 27-இல் தொடங்கவிருந்தது. கொரோனா ஊரடங்கால் அது நின்றது. பிறகு ஜூன் 1 என்று அறிவித்தார்கள். அதன்பின் ஜூன் 15 என்று மாற்றினார்கள். கடைசியில் ஜூன் 9-ஆம் தேதி தேர்வே ரத்தானது. மூன்று தேதிகளும் கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அதே ஆண்டு மார்ச் 24 அன்று 12-ஆம் வகுப்பு மாணவர்கள் பலர் போக்குவரத்துச் சிக்கலால் கடைசித் தேர்வை எழுத முடியாமல் போனது. அவர்களுக்கு ஜூலை 27 அன்று மறுதேர்வு நடந்தது. அங்கே எழுந்த முதல் கேள்வியே இது யாருக்கான தேதி என்பதுதான். எழுதாதவர்களுக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், எழுதியவர்களும் பதறுவார்கள். நம் மாதிரியில் "பெறுநர்" என்ற இடத்தில் வகுப்பும் பிரிவும் எழுதியிருப்பதற்கு அதுவே காரணம்.

கைப்பேசிக்கு வரும் படத்தைப் பார்த்து அது புதியதா பழையதா என்று பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது? வந்த நேரத்தை நம்பக் கூடாது. போன வாரத்துத் தாளை ஒருவர் இன்று அனுப்பலாம். தாளின் தலைப்பில் உள்ள எண்ணையும் நாளையும் பார்க்க வேண்டும். எண் பெரியதாக உள்ளதே கடைசி. படம் நடுவில் வெட்டப்பட்டு அட்டவணை மட்டும் வந்திருந்தால், எண்ணும் ஒப்பமும் உள்ள முழுத் தாளைப் பார்க்காமல் அதை ஏற்க வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் வகுப்பாசிரியரைக் கேட்டுவிடலாம். பள்ளியும் தன் பங்குக்கு, கோப்பின் பெயரிலேயே சுற்றறிக்கை எண்ணைச் சேர்க்கலாம். படத்தோடு தேதிகளைத் தட்டச்சு செய்தும் அனுப்பலாம், சிறிய திரையில் படத்தில் உள்ள எழுத்து சிலருக்குத் தெரியாது.

தாள் போய்ச் சேராத வீடுகள்

இவ்வளவு கவனமாக எழுதினாலும் ஒரு சுற்றறிக்கையால் எல்லாம் ஆகிவிடாது. வகுப்பில் சில வீடுகளில் ஒரே ஒரு கைப்பேசிதான் இருக்கும். அதையும் வேலைக்குப் போகும் அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனவே வகுப்பாசிரியர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, செய்தியைப் பார்த்தவர்களைக் குறித்துவிட்டு, பார்க்காதவர்களுக்கு மட்டும் தொலைபேசி செய்ய வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் பெரும்பாலும் ஏழெட்டு அழைப்புகளில் வேலை முடிந்துவிடும். பள்ளி திறந்த அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தேதிகளைப் படிக்க வேண்டும், மாணவர்கள் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி, பிள்ளை படிக்கும் நிலையில் இருக்கிறதா என்பது. மிக்ஜாம் வெள்ளத்தில் பாடநூல்களை இழந்த மாணவர்களுக்குப் புதிய நூல்கள் கொடுக்க வேண்டியிருந்தது. நூலே இல்லாத பிள்ளைக்குத் துல்லியமான தேதி கிடைத்து என்ன பயன்? அதனால் புதிய தேதியை முடிவு செய்யும் முன்பு, எத்தனை மாணவர்களின் வீட்டில் தண்ணீர் புகுந்தது, யாருடைய நோட்டுப் புத்தகங்கள் போயின என்று வகுப்பாசிரியர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். நான்கைந்து பேர் என்றால் அவர்களுக்கு ஐந்தாவது அறிவுறுத்தல்படி மறுதேர்வு வைக்கலாம். வகுப்பில் பாதிப் பேர் என்றால் தேர்வையே இன்னும் தள்ளிவைப்பதுதான் நியாயம்.

ஒப்பமிடுவதற்கு முன் முதல்வர் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பழைய அட்டவணையைப் பார்த்திராத ஒருவரிடம், அலுவலக உதவியாளரிடமோ வேறு வகுப்பு ஆசிரியரிடமோ, தாளைக் கொடுத்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்ன தேர்வு? கணிதம் எந்த நாள், எந்தக் கிழமை? எத்தனை மணிக்குள் அறையில் இருக்க வேண்டும்? திங்களன்று மழை விடுமுறை விட்டால் என்ன ஆகும்? அவர் ஒரு கேள்விக்காவது யோசித்து நின்றால், அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும். நான்குக்கும் உடனே பதில் வந்தால், தாளை அனுப்பலாம்.